புதுப்பிப்பு: நிறுத்து மின்னழுத்த வரைபடக் கணக்கு

ஒளிமின் விளைவில் நிறுத்து மின்னழுத்தத்தை ஒளியின் அதிர்வெண் ν-க்கு எதிராக வரைந்த கோடு பற்றி என் பழைய கேள்வி: “கோடு இடப்பக்க அச்சை −0.43 வோல்ட்டில் வெட்டுகிறது. விடையில் மட்டும் வெளியேற்று ஆற்றல் 2.08 எலக்ட்ரான் வோல்ட். எப்படி?”

அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னார் ஒருவர். அங்கேதான் விஷயம். கிடையச்சு பூஜ்யத்தில் அல்ல, 4×10¹⁴ ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆக அந்த −0.43 உண்மையான வெட்டுத்துண்டே அல்ல.

அப்புறம் கோட்டின் மேலேயே இரண்டு புள்ளிகள் எடுத்தேன்: 6×10¹⁴-இல் 0.40 வோல்ட், 10×10¹⁴-இல் 2.05 வோல்ட். சாய்வு 1.65/(4×10¹⁴) = 4.125×10⁻¹⁵. இது h/e, அதாவது பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தது. அதன் தெரிந்த மதிப்பு 4.14×10⁻¹⁵ என்பதால் சாய்வு சரி. முதல் புள்ளியில் hν/e 2.475 வோல்ட். அதில் 0.40 போனால் 2.075, அதுதான் வெளியேற்று ஆற்றல். சாய்வால் வகுத்தால் பயன்தொடக்க அதிர்வெண் 5.03×10¹⁴ ஹெர்ட்ஸ், கோடு கிடையச்சை வெட்டுவதும் அங்கேதான்.

பதில்களில் “சாய்வுதான் h” என்றவர் பாதி சரி, e-ஆல் பெருக்க வேண்டும். இன்னொருவர் தன் வரைபடம் வளைகிறது என்றார். அவர் வரைந்தது அலைநீளத்துக்கு எதிராக. ஆய்வகத்தில் எடுத்த அளவீட்டில் வெட்டுத்துண்டு எதிர்மின்வாயின் வெளியேற்று ஆற்றலைக் குறிக்குமா, சேகரிக்கும் தகட்டினுடையதையா என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது.