மெலீனா: தமிழில் என்ன போடலாம்?

தமிழரசி:
வணக்கம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு பக்கத் துண்டுச்சீட்டு தயாரிக்கிறேன். மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி. மெலீனா, அதாவது உள்ளே இரத்தம் கசிந்து கருத்து வரும் மலம், போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று அடுத்த வரி. இந்த மெலீனாவுக்கு எனக்கு 'கருமலம்' என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் அப்படிப் போட்டால் முதல் வரியில் பயப்படாதே என்று சொன்ன அதே கருப்பைப் பார்த்து இரண்டாம் வரியில் ஓடிவா என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. வேறு சொல் உண்டா?

கதிரவன்:
கருமலமே போதும். கிரேக்கத்திலும் அந்தச் சொல்லுக்குக் கருப்பு என்றுதான் பொருள். வேறுபாடு வேண்டுமென்றால் 'இரும்புக் கருமலம்', 'குருதிக் கருமலம்' என்று அடைமொழி சேர்த்துவிடலாம். கண்டுபிடிப்பதும் எளிது. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் இரத்தமாக இருந்தால் சிவப்பு இறங்கும்.

டாக்டர் ரஃபீக்:
கதிரவன், அடைமொழி அழகாக இருக்கிறது. ஆனால் சீட்டைப் படிப்பவருக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரிந்திருந்தால் அவருக்குச் சீட்டே தேவையில்லை. கண்ணால் பார்க்கிறதை வைத்துப் பெயர் வையுங்கள்.

தண்ணீர்ச் சோதனையைத் தயவுசெய்து அச்சில் ஏற்ற வேண்டாம். சில நேரம் சிவப்பு தெரியும், அது உண்மைதான். ஆனால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்த இரத்தம் பல மணி நேரம் குடலில் பயணம் செய்கிறது. அமிலமும் குடல் கிருமிகளும் அதன் சிவப்பைச் சிதைத்துக் கருப்பாக்கிவிடுகின்றன. சிவப்பு இறங்கவில்லையே என்று வீட்டில் படுத்துவிட்டால் ஆபத்து. 50 முதல் 100 மில்லி இரத்தம் கசிந்தாலே மலம் கருத்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு போயிருக்கிறது என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

நிறத்தை விட முக்கியம் பதம். மெலீனா கெட்டியாக உருண்டு வராது. குழைந்து, பளபளத்து, பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் தடம் நிற்கும். நாற்றம் வழக்கமான மல நாற்றம் இல்லை, வீடு முழுக்கப் பரவும். இரும்பு மாத்திரையால் வருவது கரும்பச்சை அல்லது கருப்பு. உருவம் வழக்கம்போல் இருக்கும், சிலருக்கு இறுகியும் போகும். தண்ணீர் ஊற்றினால் போய்விடும், நாற்றமும் வழக்கமானதுதான்.

முருகேசன்:
எனக்கு வருஷக்கணக்காக ரத்த மூலம். மலத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு, சில நாள் சொட்டுச் சொட்டாகவும் விழும். இதுவும் நீங்கள் பேசுகிற மெலீனாதானா? போன மாதம் பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் எல்லாமே சிவப்பாகப் போய் வீட்டில் ஒரே அமளி.

டாக்டர் ரஃபீக்:
இல்லை ஐயா, அது வேறு. புத்தம் சிவப்பாக மேலே கோடு போட்டது போல் இருந்தால் பெரும்பாலும் ஆசனவாய்க்குப் பக்கத்திலிருந்து வருகிறது, மூலம் அல்லது வெடிப்பு. நள்ளிரவில் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதில்லை, ஆனால் ஒருமுறை காட்டிப் பார்த்திருக்க வேண்டும். மூலம் இருப்பதால் மற்ற நோய் வராது என்றில்லை. சிவப்பு மலத்தோடு கலந்து வந்தாலோ, மலம் போகும் பழக்கம் மாறினாலோ, எடை இறங்கினாலோ பெருங்குடலை உள்நோக்கியில் பார்த்தாக வேண்டும், அதுவும் நாற்பதைத் தாண்டியவர்கள். கட்டி கட்டியாக, அல்லது கொட்டுகிற மாதிரி வந்து தலை சுற்றினால் அது உடனே ஓட வேண்டிய சிவப்பு. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ வேகமாகக் கசிந்தால் கருக்க நேரம் கிடைக்காமல் அப்படியும் வரும். பீட்ரூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், நிறுத்தினால் ஓரிரு நாளில் போய்விடும்.

கதிரவன்:
சரி, பதத்தை வைத்துப் பெயர் என்றால் 'கீல்மலம்'. தாருக்குக் கீல் என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது.

சிவகௌரி (யாழ்ப்பாணம்):
கீல் என்றால் இப்போது சனத்துக்குக் கதவுக் கீல்தான் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் கீல்வாதம். மூட்டு நோ என்று நினைத்துப் போவினம். தார் என்றால் எங்களுக்கும் விளங்கும், உங்களுக்கும் விளங்கும். 'தார்மலம்' என்று வையுங்கோ.

டாக்டர் ரஃபீக்:
தார்மலத்துக்கு என் ஓட்டு. இந்தப் பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 58 வயது அம்மா, முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கி டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தவர். களைப்பு என்று போனபோது இரத்தசோகை என்று இரும்பு மாத்திரை தந்தார்கள், மலம் கருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கருத்தது. ஒரு வாரம் கழித்து அது இளகி, ஒட்ட ஆரம்பித்து, நாளைக்கு நான்கு தடவை போனது. வீட்டில் எல்லாரும் மாத்திரைதான் என்று இருந்துவிட்டார்கள். இரவில் பாத்ரூம் போக எழுந்தவர் கண் இருட்டி விழுந்தபிறகுதான் எங்களிடம் வந்தார். நாடித்துடிப்பு 118, ஹீமோகுளோபின் 7.1. உள்நோக்கியில் முன்சிறுகுடலில் புண், அதன் நடுவே இரத்தக்குழாய் தெரிந்தது. அங்கேயே கிளிப் போட்டோம், பிழைத்தார்.

யாருக்கு இரும்பு தருகிறோம்? இரத்தம் குறைந்தவர்களுக்கு. ஏன் குறைந்தது? சிலருக்கு உள்ளே கசிவதால்தான். ஆகவே கருப்புக்கு இரண்டு காரணமும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் இருக்கலாம். உங்கள் சீட்டின் முதல் வரியே இவரைப் போன்றவர்களுக்குப் பொய்த் தைரியம் தந்துவிடும். நிறம் மாறியதை விட, மாத்திரை தொடங்கிய பிறகு பதம் மாறியதா என்று கேளுங்கள்.

தமிழரசி:
இது எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள் என்று எழுதலாமா? கர்ப்பிணிகள் அந்தச் சிவப்பு மாத்திரையை ஏற்கெனவே ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்தப் பார்க்கிறார்கள். அப்புறம், சிலருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இரும்பை டிரிப்பாக ஏற்றுகிறோம். அவர்களுக்கும் இதே சீட்டா?

டாக்டர் ரஃபீக்:
எழுத வேண்டாம். நிறுத்தினால் நிறம் மாற மூன்று நான்கு நாளாகும். ஒட்டுகிற கருப்புக்காரர் அத்தனை நாள் காத்திருக்கக் கூடாது, உருண்டையாகப் போகிறவர் நிறுத்தவே தேவையில்லை. டிரிப்புக்கு இந்தச் சீட்டைக் கொடுக்காதீர்கள். மலத்தைக் கருப்பாக்குவது குடலில் உறிஞ்சப்படாமல் மிஞ்சும் இரும்புதான். இரத்தக்குழாயில் ஏற்றினால் குடலில் மிஞ்ச ஒன்றுமில்லை. டிரிப் போட்டவருக்குக் கருப்பாகப் போனால் இரும்பின் மேல் பழி போடாமல் விசாரியுங்கள்.

கதிரவன்:
சீட்டுக்குத் தார்மலம், சரி. ஆனால் கலைச்சொல் அகராதியில் அதை ஏற்க மாட்டேன். அங்கே குருதி என்ற கூறு வந்தாக வேண்டும். 'கருங்குருதிமலம்' என்பதை முன்மொழிகிறேன்.

சிவகௌரி:
அகராதிக்கு ஒன்று, ஆசுப்பத்திரிக்கு ஒன்று என்றால் இரண்டையும் ஆர் இணைப்பது? பயிற்சிக்கு வரும் தாதியர் எதைப் படிப்பது? எனக்குச் சம்மதமில்லை.

தமிழரசி:
அந்தச் சண்டை நடக்கட்டும். இன்று காலை ஓபி வரிசையில் நின்ற ஒரு பாட்டியிடம் 'தார் மாதிரி ஒட்டுற கருப்பு' என்று வாசித்துக் காட்டினேன். "ரோட்டுல போடுற தாரா? அப்ப வாசனையும் அப்படியே வருமா?" என்று கேட்டார். ஆகவே 'தாங்க முடியாத நாற்றம்' என்பதையும் அதே வரியில் சேர்த்துவிட்டேன். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், எழுந்தால் தலை சுற்றுகிறவர்கள் 108-ஐக் கூப்பிடலாம் என்று அடுத்த வரி. ஆனால் ஓடிவர வேண்டிய சிவப்பையும் முருகேசன் ஐயாவின் சிவப்பையும் பிரித்துச் சொல்ல இன்னும் வார்த்தை அமையவில்லை. 'கொட்டுகிற சிவப்பு', 'கோடு போட்ட சிவப்பு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது சொல்லுங்கள்.