ஐக்கனைப் பெரிதாக்கினால் கோடும் தடிக்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியின் இணையத்தளத்துக்கு ஐக்கன் செய்துகொண்டிருக்கிறேன். கடும்பச்சைக் கோடு, உள்ளே வெளிர் மஞ்சள், வேறு நிறமே இல்லை. 24 பிக்சல் கட்டத்தில், 2 பிக்சல் கோட்டில் வரைந்தவை. மெனுவில் அழகாக நிற்கின்றன.

சேவைகள் பக்கத்தில் அவற்றில் ஒன்றான கப்பல் ஐக்கனை 72 பிக்சலில் வைக்கும்போதுதான் சிக்கல். கோடு 6 பிக்சலாகத் தடித்து, பக்கத்தில் இருக்கும் எழுத்தையே அமுக்கிவிடுகிறது. SVG கோட்டில் இதைச் சேர்த்துப் பார்த்தேன்:

```
vector-effect="non-scaling-stroke"
```

கோடு 2 பிக்சலிலேயே நின்றது. ஆனால் மூலை வளைவும் இடைவெளிகளும் மூன்று மடங்காகிவிட்டதால் கப்பல் வெறுமையாகத் தெரிகிறது. அதனால் பெரிய அளவுக்குத் தனியாக வரைந்து, கொள்கலன் அடுக்கு, தண்ணீர் அலை என்று கொஞ்சம் விவரம் கூட்டலாம் என்பது என் எண்ணம். நீங்கள் இப்படித்தான் செய்வீர்களா? அல்லது பெரியதற்கு 3 பிக்சல் கோடு வைத்தால் கண்ணுக்கு ஒரே தொகுதியாகத் தெரியுமா?

இன்னொன்று. முன்பு வேலை செய்தவர் தந்த சில ஐக்கன்களில் கோடு, நிரப்பிய வடிவமாக மாற்றப்பட்டிருக்கிறது. அவுட்லைன் பார்வையில் ஒரு கோட்டுக்கு இரண்டு விளிம்பு தெரிகிறது, ஆகவே தடிமனை மாற்ற வழியில்லை. இன்க்ஸ்கேப்பில் நடுக்கோடு எடுத்தால் மூலைகள் நெளிகின்றன. திரும்ப வரையாமல் மீட்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தேயிலைக் கொழுந்து ஐக்கனை மாதிரிக்கு அனுப்புகிறேன்.