செங்கல் சுவரில் புத்தக அலமாரி மாட்ட எந்த ஸ்க்ரூ, எந்த பிளக்?

நண்பர்களே, ஒரு உதவி வேணும். அப்பாவோட புத்தகங்களுக்காக 4 அடி நீளத் தேக்குப் பலகை ஒன்றைச் சுவரில் மாட்டணும். புத்தகத்தோட சேர்த்து 40 கிலோ வரும். தாங்க இரண்டு எல் ஆங்கிள் இருக்கு, ஒவ்வொன்றிலும் சுவர்ப் பக்கம் மூன்று ஓட்டை.

முதல் முயற்சி தோல்வி. 6 எம்எம் பிட்டில் ஓட்டை போட்டு, 30 எம்எம் பிளக் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினேன். பிடிக்கவே இல்லை, பிளக்கும் சேர்ந்தே சுத்துச்சு. பிட்டில் வந்த தூளைப் பார்த்ததும்தான் காரணம் புரிஞ்சுது. முதல் 25 எம்எம் வரைக்கும் சாம்பல் நிறம், அதுக்கப்புறம்தான் செங்கல் சிவப்பு. அதாவது பிளக் பெரும்பாலும் பூச்சிலேயே நின்னிருக்கு.

இப்போ என் கணக்கு இது: 8 எம்எம் பிட், அதே 8 எம்எம்மில் 50 எம்எம் நீள நைலான் பிளக். அதைப் பூச்சைத் தாண்டி செங்கலுக்குள் தள்ளிவிடணும். ஆங்கிள் தடிமன் 3, பூச்சு 25, பிளக் 50, மொத்தம் 78. அதனால் 6 எம்எம் தடிமனில் 80 எம்எம் ஸ்க்ரூ. ஓட்டை ஆழம் 90.

மேல் ஓட்டையில்தான் இழுவை அதிகம். அங்கே மட்டும் 10 எம்எம் பிளக் போடலாமா? பழைய செங்கல் என்பதால் ஹேமர் இல்லாமலே துளைக்கணுமா? ஓட்டை செங்கல் இடுக்குக் கலவையில் விழுந்தால் எவ்வளவு தள்ளிப் போடுவீங்க? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.