இலங்கையில் டொலர் 203 ரூபாயிலிருந்து 360 ஆனபோது உங்கள் வீட்டில், கடையில் என்ன நடந்தது?

தோகாவாசி: 2021 கடைசியில் மத்திய வங்கி டொலரை 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. அனுப்பும் டொலருக்கு 10 ரூபாய் மேலதிகமாகத் தந்தும், வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடத் தந்தார்கள். 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள், மே மாதம் 360 தொட்டது. கட்டார் றியால் டொலரோடு கட்டப்பட்டது. அதனால் வங்கிக் கணக்கில் 55,800 ரூபாயாக இருந்த ஆயிரம் றியால் 98,900 ஆனது. சம்பளம் கூடியது மாதிரித்தான் இருந்தது. ஆனால் 2,675 ரூபாய் காஸ் சிலிண்டர் ஏப்ரலிலேயே 4,860 ஆகிவிட்டதே! உண்மையில் லாபமானது அடகுதான். இரண்டு லட்சத்துக்கு வைத்த காப்பு. கடன் ரூபாயில் என்பதால் அது டொலரோடு ஏறவில்லை. வட்டியை விட்டுப் பார்த்தால், 3,600 றியால் தேவைப்பட்ட இடத்தில் 2,000 போதுமாக இருந்தது.

சைக்கிள்கடை: உங்களுக்குக் காப்பு வந்தது, எனக்குக் கடைதான் போகப் பார்த்தது. 20,000 டொலர் உதிரிப்பாகம், 90 நாள் தவணை. டொலர் 203 என்று கணக்குப் போட்டு, அடக்கம் 40 லட்சம் சொச்சம், 48 லட்சத்துக்கு விற்றேன். தவணை முடிந்தபோது பில் 72 லட்சம். அதைவிடக் கொடுமை, ரூபாயைக் கட்டினாலும் வங்கியிடம் டொலர் இல்லை. அடுத்த இறக்குமதிக்கு எல்.சி. என்ற வங்கி உத்தரவாதக் கடிதம் திறக்க முழுப் பணத்தையும் முன்கூட்டியே வைக்கச் சொன்னார்கள்.

வல்வை: அப்போ ஏற்றுமதிக்காரருக்குக் கொள்ளை லாபம், அப்படித்தானே?

தும்பாலை: எங்களுக்கு ஓரளவு சரி. தேங்காய் மட்டை உள்ளூர், கூலி ரூபாய், வரும்படி டொலர். ஆனால் டீசல் இல்லாமல் லொறி நின்ற நாட்களில் அந்த லாபம் கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான்.

தையல்பிரிவு: ஆடைத் தொழிற்சாலையில் அதுவும் இல்லை அண்ணை. துணி, சிப், பொத்தான் எல்லாம் டொலரில் வருகிறது. மிச்சம் பிடித்தது கூலியிலும் கரண்ட் பில்லிலும்தான். அதையும் பார்த்துவிட்டு வாங்குபவர் அடுத்த ஓர்டரில் விலையைக் குறைக்கக் கேட்டார். எங்களுக்கும் சம்பளம் கூட்டித்தான் ஆக வேண்டியிருந்தது, செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியதே.

ரொறன்ரோ தம்பி: நான் காணிக்குக் காசு அனுப்ப வேண்டும். ரூபாய் இன்னும் விழும்வரை பொறுக்கவா?

தோகாவாசி: காணிக்காரர் விலையை ரூபாயில் எழுதித் தந்தாரா, டொலரைப் பார்த்துச் சொல்கிறாரா? முதலாவது என்றால் பொறுப்பதில் அர்த்தம் இருக்கலாம்.

சைக்கிள்கடை: 2023 இல் ரூபாய் திரும்ப ஏறியதும் ஞாபகம் இருக்கட்டும். 360 இல் டொலர் வாங்கிச் சாமான் இறக்கியவர்கள் அப்போது விலை குறைக்க முடியாமல் நின்றார்கள்.

ரொறன்ரோ தம்பி: விலை இன்னும் எழுத்தில் இல்லை. மாமாதான் பேசுகிறார், கேட்டுச் சொல்கிறேன்.