50-லேயே நின்ற மீட்டர்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பாம்பன் ஜெனரேட்டர்காரன்

பாம்பன் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட்டில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். பேனலில் ஹெர்ட்ஸ் காட்டிய முள் மீட்டர் துருப்பிடித்துப் போனதால் நானே ஒன்று செய்து மாட்டினேன். கடிகாரத்துக்கு 32768 கிரிஸ்டல், 4060, 4013, எண்ணுவதற்கு 4518, எண்ணைப் பிடித்துக் காட்ட இரண்டு 4511, இரண்டு டிஸ்ப்ளே. அலைகளை எண்ண விடும் கேட் ஒரு விநாடி திறந்திருக்கும், ஒரு விநாடி மூடியிருக்கும். ஒரு வருடம் குறையில்லாமல் ஓடியது.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி எஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மீட்டரைப் பார்த்தேன், 50. எஞ்சின் முனகத் தொடங்கியது. அப்போதும் 50. என் காதை விட்டுவிட்டு மீட்டரை நம்பினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. கம்ப்ரசர் மோட்டாரிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை வந்தது. பேனலைத் திறந்து கிரிஸ்டலைப் பேனா முனையால் தட்டினேன். டிஸ்ப்ளேயில் 87 என்று வந்தது, அடுத்த முறை 43. உடனே லோடை இறக்கினேன். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தது. சரி, 43 புரிகிறது. நடுவில் அந்த 87 எங்கிருந்து வந்தது?

தொண்டி சர்வீஸ்

தம்பி, ஒரு விநாடி கேட் வைத்ததுதான் தப்பு. 50 ஹெர்ட்ஸுக்கு அது போதாது, எப்போதும் ஒன்று கூடும் அல்லது குறையும். 10 விநாடி கேட் வை, இன்னொரு இலக்கம் சேர், 43.2 என்று தசமத்தோடு வரும். நான் இறால் பண்ணை ஜெனரேட்டருக்கு அப்படித்தான் செய்தேன். கிரிஸ்டலும் நல்லதாக வாங்கு, மலிவுச் சரக்கு வேண்டாம். பெட்டிக்கு ரப்பர் கேஸ்கெட் போடு, கேபிள் நுழையும் ஓட்டைக்கு சிலிக்கான் அடை, பெட்டியைச் சுவரில் வெயில் படாத பக்கம் மாட்டு, மாதம் ஒரு முறை திறந்து பார். எர்த்தும் தனியாக இழு.

பாலிடெக்னிக் லேப், ராமநாதபுரம்

அண்ணே, 10 விநாடி கேட்டில் தசமம் கிடைப்பது உண்மைதான். ஆனால் தம்பிக்கு நடந்தது வேறு. அவருடைய கடிகாரமே நின்றுவிட்டது. கேட் மூடினால்தான் லாட்ச்சுக்கு உத்தரவு போகும். கடிகாரம் நின்றால் அந்த உத்தரவு வராது, 4511 கடைசியாகப் பிடித்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். 10 விநாடி கேட் வைத்திருந்தாலும் 50.0 என்று நின்றிருக்கும்.

தம்பி, உங்கள் 87-க்கு எனக்குத் தெரியும் காரணம் இதுதான். கேட் திறந்திருந்த நேரத்தில் கிரிஸ்டல் நின்றிருக்கிறது. பின்னால் 4518 விடாமல் எண்ணி, 99 தாண்டி 00-க்குத் திரும்பித் திரும்பிச் சுற்றியிருக்கும். நீங்கள் தட்டியதும் கேட் மூடியது, அந்த நேரத்தில் கவுன்டரில் இருந்த எண் லாட்ச்சாகிவிட்டது. அதற்கு அர்த்தம் கிடையாது. ரீசெட் ஆகி அடுத்து முழுதாக எண்ணிய 43தான் உண்மை.

எங்கள் லேபில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. ஒரு மாணவி லாட்ச்சையும் ரீசெட்டையும் ஒரே விளிம்பிலிருந்து எடுத்திருந்தாள். டிஸ்ப்ளே எப்போதும் 00. மூன்று நாள் கவுன்டரைச் சந்தேகப்பட்டோம். ஸ்கோப்பில் பார்த்தால் லாட்ச் பிடிப்பதற்குள் ரீசெட் துடைத்துவிடுகிறது. கேட் மூட வேண்டும், லாட்ச் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ரீசெட். ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வைத்து ரீசெட்டைத் தாமதப்படுத்தியதும் சரியானது.

தம்பி, கேட் சிக்னலை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக டிஸ்ப்ளேயின் புள்ளிக்குக் கொடுங்கள். புள்ளி சிமிட்டினால் எண்ணை நம்பலாம். நின்றால் நம்ப வேண்டாம்.

கீழக்கரை படகு

எனக்கும் இதே தொல்லை, உப்புக்காற்றுதான் காரணம். படகில் இன்வெர்ட்டருக்கு மாட்டிய கவுன்டர் 64, 71, 80 என்று குதிக்கிறது. போர்டை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தும் போகவில்லை. கிரிஸ்டலை மாற்றிவிடலாமா?

பாலிடெக்னிக் லேப், ராமநாதபுரம்

பாய், உங்களுடையது வேறு விஷயம். எண் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் கேட் ஓடுகிறது. இன்வெர்ட்டர் அலையின் விளிம்பில் இரைச்சல் இருக்கிறது, ஒரே சுற்றை இரண்டு மூன்றாக எண்ணுகிறது. உள்ளீட்டில் 40106 இருக்கிறதா? இருந்தால், அதற்கு முன் ஒரு சின்ன ஆர்.சி. ஃபில்டர் போட்டுப் பாருங்கள்.

தொண்டி சர்வீஸ்

கடிகாரம் நின்றது என்றே வைத்துக்கொள்வோம் டீச்சர். 32768 கிரிஸ்டல் எதற்கு நிற்க வேண்டும்? காய்ந்த சால்டராக இருக்கலாம்.

பாம்பன் ஜெனரேட்டர்காரன்

புள்ளியை மாட்டிவிட்டேன் டீச்சர். கிரிஸ்டல் காலைச் சுற்றி, அந்த 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஓரத்தில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. அங்கே லேசாகக் கசிந்தாலும் ஆசிலேட்டர் தடுமாறும் என்று நினைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷும் வைத்துத் தேய்த்து, காயவைத்து வார்னிஷ் அடித்தேன். சால்டரையும் சூடாக்கிவிட்டேன் அண்ணே. இரண்டையும் ஒரே நாளில் செய்ததால் எது காரணம் என்று இப்போது சொல்ல முடியவில்லை. போன வாரம் விடியற்காலையில் பனி இறங்கிய நேரம் புள்ளி ஒரு தடவை நின்றது. டிஸ்ப்ளேயில் 50. நேராக எஞ்சின் பக்கம் போய்க் காது கொடுத்தேன்.