நுழைவாயில் படமும் அதன் ஆல்ட் உரையும்: நீங்கள் எப்படிச் சுருக்கினீர்கள்?

பக்கம்பார்ப்பவள்:
ஒரு தேர்வு மையத்தின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "மையத்துக்கு வருவது எப்படி" என்ற பக்கத்துக்காக நுழைவாயில் படம் ஒன்று வந்தது. எடுத்தவர் கூடவே ஒரு விவரிப்பும் எழுதி, "இதையே ஆல்ட் உரையாகப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்குத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் குரலில் படித்துக்காட்டும் உரைதான் ஆல்ட். அவர் எழுதியது இதுதான்:

"இளங்காலை வெயிலில் பளபளக்கும் இரண்டு மாடி வெள்ளைக் கட்டடத்தின் அழகிய முகப்பு. மேகமில்லாத நீல வானம் பின்னணியில் விரிய, மூன்று படிகளும் வலப்புறம் ஒரு சாய்தளமும் கண்ணாடிக் கதவை நோக்கி அழைத்துச் செல்கின்றன. படியோரம் நீலச் சட்டை அணிந்த காவலரும் கையில் கோப்புடன் ஓர் இளம்பெண்ணும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இருபுறமும் பூந்தொட்டிகள் வரவேற்கின்றன."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தைத் திறப்பவர் தேடுவது ஒன்றே ஒன்று: உள்ளே எப்படிப் போவது? அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்தேன். வெயில், வானம், பூந்தொட்டி மூன்றும் போயின. சிரிக்கும் இருவரும் போனார்கள். "நுழைவாயில்" என்ற சொல்லும் வேண்டாம், ஏனென்றால் படத்துக்குக் கீழே எல்லோருக்கும் தெரியும்படி "மையத்தின் நுழைவாயில்" என்று ஏற்கெனவே இருக்கிறது. மிஞ்சியது "மூன்று படிகள், வலப்புறம் சாய்தளம்".

அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கதவருகே ஒரு பலகை: "பதிவுக்குப் பின்வாசல் வழியாக வரவும்". அத்தனை நீள விவரிப்பில் இது மட்டும் இல்லை! கண் தெரிந்தவர்கள் படத்தில் அதைப் படித்துவிட்டு நேராகப் பின்பக்கம் போவார்கள். எனவே பலகையில் உள்ள வாசகத்தையும் சேர்த்தேன். சுருக்கப்போன இடத்தில் கூட்டவும் வேண்டியிருந்தது.

இதுபோல் நீங்கள் வெட்டியது, சேர்த்தது இருந்தால் சொல்லுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.

எண்ணிப்பார்:
நான் எப்போதும் 125 எழுத்துக்குள் நிறுத்திவிடுவேன். அதுதான் விதி. எந்தப் படத்தையும் விடமாட்டேன், பத்திக்கு நடுவே வரும் அலங்காரக் கோட்டுக்குக்கூட "பூ வேலைப்பாடு கொண்ட கோடு" என்று எழுதியிருக்கிறேன். விட்டுவிட்டால் பார்வையற்றோருக்கு அநியாயம் செய்வதாகிவிடும் அல்லவா?

செவிவாசகன்:
பார்வை இல்லாதவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். ஒரு கட்டுரையில் பத்திக்குப் பத்தி "கிராஃபிக், பூ வேலைப்பாடு கொண்ட கோடு" என்று கேட்டுப் பாருங்கள், மூன்றாவது பத்தியில் பக்கத்தையே மூடிவிடுவீர்கள். வெறும் அலங்காரம் என்றால் `alt=""` என்று காலியாக வையுங்கள். வாசிப்பான் சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஆனால் `alt` என்பதையே எழுதாமல் விடுவது வேறு கதை. அப்போது சில வாசிப்பான்கள் கோப்பின் பெயரையோ முகவரியையோ எழுத்து எழுத்தாகப் படிக்கத் தொடங்கும், முக்கியமாக அந்தப் படத்தின்மேல் இணைப்பு இருந்தால்.

125 என்பது நல்ல பழக்கம், ஆனால் விதி இல்லை. அணுகுதன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியில் எழுத்துக் கணக்கு எதுவுமே கிடையாது. தமிழில் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி எண்ணுவது நாம் எண்ணுகிற எழுத்தை அல்ல. "புகைப்படம்" நமக்கு 6 எழுத்து. கணினிக்கு 10, ஏனென்றால் உகரக் குறி, ஐகாரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். ஆக 125-இல் தமிழுக்குக் கிடைக்கும் இடம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

எனக்கு நீளத்தைவிட வரிசைதான் முக்கியம். வலைப்பக்கத்தில் நான் ஜி விசையைத் தட்டி ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவேன். முதல் மூன்று நான்கு சொற்களிலேயே இது எனக்குத் தேவையா இல்லையா என்று முடிவுசெய்து, வேண்டாமென்றால் பேச்சை வெட்டிவிடுவேன். "இளங்காலை வெயிலில் பளபளக்கும்" என்று ஆரம்பித்தால் சாய்தளம் வரை காத்திருக்கமாட்டேன். "இது ஒரு புகைப்படம்" என்றும் ஆரம்பிக்காதீர்கள். படம் என்பதை வாசிப்பானே சொல்லிவிடுகிறது.

பக்கம்பார்ப்பவளுக்குச் சில கேள்விகள். வலப்புறம் என்றால் யாருக்கு வலம்? உள்ளிருந்து வெளியே வருபவருக்கா, எதிரே நிற்பவருக்கா? கைப்பிடி எந்தப் பக்கம்? இன்னொன்று, பதிவு பின்வாசலில் என்பது அவ்வளவு முக்கியமானால் அதை ஏன் படத்துக்குள் ஒளித்து வைக்கிறீர்கள்? கைப்பேசியின் சிறு திரையில் அந்தப் பலகை கண் தெரிந்தவர்களுக்கே தெரியாது. பக்கத்தின் உரையிலேயே ஒரு வரி எழுதுங்கள். ஆல்ட் தானாகவே சுருங்கும்.

பக்கம்பார்ப்பவள்:
சரியான கேள்விகள். படத்தைத் திரும்பப் பார்த்தேன். சாய்தளத்துக்கு இருபுறமும் கைப்பிடி இருக்கிறது, படிகளுக்கு இல்லவே இல்லை. பின்வாசல் செய்தியைப் பக்கத்தின் முதல் பத்திக்கு ஏற்றிவிட்டேன். இப்போது இருப்பது இது:

```
<img src="vaasal.jpg" alt="வாசலை நோக்கி நின்றால் வலப்புறம் சாய்தளம், இருபுறமும் கைப்பிடி. நேரே 3 படிகள், கைப்பிடி இல்லை.">
```

செவிவாசகன்:
இது போதும். கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தது நல்லது. இல்லாவிட்டால் குரல் நிற்காமல் அடுத்த வரியோடு ஒட்டிக்கொண்டு ஓடும்.

தேடலில்முதலிடம்:
நல்ல தலைப்பு. நான் ஆல்ட்டில் "தேர்வு மையம், சிறந்த தேர்வு மையம், தேர்வு மையம் முகவரி" என்று பத்துப் பன்னிரண்டு தேடுசொற்களாவது வைப்பேன். இதைவிட அதிகம் வைத்தால் தேடுபொறி பிடிக்குமா?

செவிவாசகன்:
ஐயா, அந்தப் பன்னிரண்டையும் கேட்பது நான். இங்கே பேசுவது வேறு விஷயம்.

நிழற்படக்காரி:
நான் படம் எடுப்பவள், அதனால் அந்த விவரிப்பை எழுதியவர் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். வெயிலும் சிரிப்பும் இல்லாவிட்டால் அந்தப் படம் எதற்கு? சாய்தளம் பற்றிச் சொல்ல ஒரு வரி போதுமே, படமே வேண்டாமே.

பக்கம்பார்ப்பவள்:
நியாயம்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதே படத்தை ஆண்டறிக்கைப் பக்கத்திலும் கேட்டார்கள். அங்கே தலைப்பு "எங்கள் ஊழியர்கள்". படம் அதேதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் அங்கே படிகளும் சாய்தளமும் யாருக்கு வேண்டும்? "காலை வெயிலில் வாசல் படியருகே காவலரும் பதிவு அலுவலரும் பேசிச் சிரிக்கிறார்கள்." என்று எழுதினேன். உங்கள் வெயிலும் சிரிப்பும் அங்கே திரும்பி வந்துவிட்டன. அதனால் படத்தோடு ஆல்ட் உரையையும் சேமித்து வைத்து எல்லாப் பக்கத்திலும் ஒன்றையே இழுக்கும் வசதியை எங்கள் தளத்தில் அணைத்துவிட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது என்று உடன் வேலை செய்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

தம்பிக்குஅக்கா:
என் கதை கொஞ்சம் வேறு. தம்பிக்குப் பதினாறு வயதில் பார்வை போனது. வீட்டுப் படங்களைக் குழுவில் போடும்போது ஒவ்வொன்றுக்கும் கீழே நான் எழுதி அனுப்புவேன். உங்களைப் பார்த்து நானும் "குழந்தை ஊஞ்சலில் இருக்கிறாள்" என்று சுருக்கி அனுப்பினேன். உடனே போன் செய்துவிட்டான். "என்ன நிறச் சட்டை? பல் முளைத்துவிட்டதா? யார் ஆட்டுகிறார்கள்? எல்லாம் சொல்லு" என்று ஒரே சண்டை. சுருக்கமாக எழுதினால்தான் பயன் என்று எல்லோரும் சொல்கிறீர்களே!

செவிவாசகன்:
அக்கா, உங்கள் தம்பி செய்தது சரி. நீங்கள் எழுதுவது ஆல்ட் அல்ல, கடிதம். அங்கே படம்தான் செய்தி, அதற்காகவே அவர் காத்திருக்கிறார். செய்தியாக எழுதுவதால் நிறுத்தி நிறுத்தி, திரும்பப் போய், பத்தி பத்தியாகவும் கேட்க முடியும். ஆல்ட்டில் பத்தியும் கிடையாது, தலைப்பும் கிடையாது, ஒரே மூச்சில் வரும். நுழைவாயில் படம் வேலைக்கு நடுவே குறுக்கிடுவது, அங்கே எனக்கு அவசரம். அதே நான் ஒரு கண்காட்சிப் பக்கத்தில் இருந்தால் நிழற்படக்காரி சொல்லும் வெயில் எனக்கும் வேண்டும். அங்கேயும் ஆல்ட்டை இழுத்து நீட்டாமல், படத்துக்குக் கீழே எல்லோரும் படிக்கும்படி நீள விவரிப்பைத் தனியாக எழுதிவிட்டு, ஆல்ட்டில் இது எந்தப் படம் என்று ஒரு வரி போடுங்கள். விரும்புகிறவர் கீழே போய்ப் படிக்கட்டும்.

எண்ணிப்பார்:
அலங்காரக் கோடுகளை எல்லாம் காலியாக்கிவிட்டேன். ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்தில் ஆல்ட் எல்லாம் தமிழில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு வாசகர் "படம் வந்தால் மௌனம், சில இடத்தில் உளறல்" என்கிறார். காலியாக்கியதாலா?

செவிவாசகன்:
இருக்காது. பக்கத்தின் மேலே `lang="en"` என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் வாசிப்பான் ஆங்கிலக் குரலைக் கூப்பிடும், அது தமிழ் எழுத்தைக் கண்டால் சில சமயம் விழுங்கிவிடும். `lang="ta"` ஆக்குங்கள். பக்கம் ஆங்கிலத்திலும் ஆல்ட் மட்டும் தமிழிலும் இருந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் போடலாம்.

எண்ணிப்பார்:
இருந்தது. `en` தான். மாற்றிவிட்டேன், அவர் சொல்லக் காத்திருக்கிறேன்.

கைத்தடி:
நானும் பார்வையற்றவள், பிறவியிலேயே. இங்கே பேசியதில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகமாட்டேன். பக்கம்பார்ப்பவள் "இளம்பெண்" என்பதை "பதிவு அலுவலர்" ஆக்கிவிட்டார். ஊழியர்கள் பக்கத்தில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பது கண் தெரிந்தவர்களுக்கு ஒரே பார்வையில் தெரிகிறது. ஆணா பெண்ணா, இளையவரா மூத்தவரா, சக்கர நாற்காலியில் இருப்பவர் யாராவது உண்டா, எல்லாம். எனக்கு மட்டும் பதவிப் பெயர் போதும் என்று யார் முடிவு செய்தது? சட்டையின் நீலம் எனக்கு வேண்டாம், அது வேறு.

செவிவாசகன்:
எனக்குப் பதவி போதும். எழுதுகிறவர் ஒருவரைப் பார்த்து வயதையும் இனத்தையும் ஊகித்து எழுதுவது எனக்கு உறுத்தும், தப்பாகவும் போகலாம். ஆனால் நீங்கள் கேட்பதும் புரிகிறது. நாங்கள் இருவரே ஒத்துப்போகவில்லை என்றால் எழுதுகிறவர் என்ன செய்வார்!

பக்கம்பார்ப்பவள்:
படத்தில் இருக்கும் இருவரையுமே கேட்டுவிடலாம் என்று போனேன். காவலர் சிரித்துவிட்டு, "காவலர்னு போடுங்க, வயசெல்லாம் எதுக்கு" என்றார். அந்த அலுவலர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. அதுவரை பதவிப் பெயரோடே ஓடுகிறது.