பொருள்: நிலா பிறந்த மோதலில் பறந்த பொருளுக்கு என்ன சொல்?

கயல்விழி | செவ்வாய், காலை 7.12

குழுவினருக்கு வணக்கம். தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தமிழ்மொழி மாதத்துக்காக ஒரு நிலா பார்க்கும் மாலை வைத்திருக்கிறோம். தொலைநோக்கி பக்கத்தில் வைக்க ஒரு பலகை எழுதுகிறேன். நிலா எப்படி வந்தது என்பதுதான் பொருள். செவ்வாய்க் கோள் அளவு இருந்த ஒன்று இளம் பூமியோடு மோதியது, வெளியே பறந்த பொருள் பூமியைச் சுற்றி வட்டமாகப் பரவியது, அது திரண்டு நிலா ஆனது. இதுவரை சிக்கல் இல்லை.

சொற்களில்தான் தடுமாறுகிறேன். 'ஜயன்ட் இம்பேக்ட்' என்பதற்குப் 'பெருந்தாக்கம்' என்றும், 'டெப்ரி டிஸ்க்' என்பதற்கு 'இடிபாட்டு வட்டு' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். பலகை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏதாவது சொல்லுங்கள்.

செல்லப்பா | செவ்வாய், காலை 8.03

கயல், 'தாக்கம்' வேண்டாம் அம்மா. நாற்பது ஆண்டு மொழிபெயர்த்ததில் அந்தச் சொல் கண்ணெதிரே தேய்ந்து போனதைப் பார்த்துவிட்டேன். 'விலைவாசி உயர்வின் தாக்கம்', 'சமூக ஊடகத்தின் தாக்கம்' என்று எழுதி எழுதி, இப்போது தாக்கம் என்றால் விளைவு என்றாகிவிட்டது. 'பெருந்தாக்கக் கருதுகோள்' என்று பார்க்கிறவர் பொருளாதாரம் பற்றிய பலகை என்று நடையைக் கட்டுவார். 'பெருமோதல்' என்று போடுங்கள்.

'இடிபாடு' என்றால் எனக்குக் கட்டடம்தான் தெரிகிறது. கல், கம்பி, தூசி.

நிர்மலா | செவ்வாய், காலை 9.20

பெருமோதலா? நிலாவில் மோதல் ஒன்றா இரண்டா, முகம் முழுக்கப் பள்ளம்தானே. பள்ளங்களைப் பற்றியது என்றால் 'விண்கல் மோதல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதற்கு?

கயல்விழி | செவ்வாய், காலை 9.31

நிர்மலா அக்கா, பள்ளங்கள் இல்லை. நிலாவே இல்லாதபோது நடந்த மோதல். பள்ளங்களெல்லாம் அப்புறம் வந்தவை.

ஷாகுல் | செவ்வாய், பகல் 12.45

நாங்கள் படித்தபோது வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள். பூமி வேகமாகச் சுழன்றது, ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போய் நிலா ஆனது, அந்த இடத்துக் குழிதான் பசிபிக் பெருங்கடல் என்று. அப்படியென்றால் 'மோதல்' எதற்கு, 'பிளவு' போதுமே? நிலாக் கல்லும் பூமிக் கல்லும் ஒன்று போலவே இருக்கின்றன என்றும் படித்திருக்கிறேன்.

அரவிந்தன் | செவ்வாய், இரவு 10.50

ஆய்வகத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். ஷாகுல் அண்ணன் சொன்னதில் பாதி தப்பு, பாதி ரொம்பச் சரி. அந்தச் சரியான பாதிதான் கயலின் இரண்டாவது சொல்லுக்கு வில்லங்கம்.

முதலில் தப்பு. பூமியிலிருந்து பிய்ந்தது என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் டார்வின் சொன்னது, பரிணாமம் சொன்னவரின் மகன். பசிபிக் குழியை ஒட்டவைத்தவர் ஆஸ்மண்ட் ஃபிஷர். ஆனால் பசிபிக்கின் தரை 20 கோடி ஆண்டுகூடப் பழையதில்லை. நிலாவுக்கு வயது சுமார் 450 கோடி. தழும்பு காயத்தைவிட இவ்வளவு இளையதாக இருக்க முடியாது. தன்னைத்தானே பிய்த்துக்கொள்ள வேண்டுமானால் பூமி சுழன்றிருக்க வேண்டிய வேகமும் இன்றைய பூமி-நிலா சுழற்சிக் கணக்கில் இடிக்கிறது. 1975இல் ஹார்ட்மனும் டேவிஸும், அடுத்த ஆண்டு கேமரனும் வார்டும் மோதலைக் கொண்டுவந்தார்கள். நேருக்கு நேராக அல்லாமல் சாய்வாக இடித்தால் சுழற்சியும் கிடைக்கும், வெளியே பொருளும் பறக்கும்.

இப்போது சரியான பாதி. ஆக்சிஜனில் எடை வேறுபட்ட மூன்று வகை உண்டு. அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது ஒரு கோளின் கைரேகை மாதிரி. செவ்வாயிலிருந்து வந்த விண்கற்களை அளந்தால் பூமியிலிருந்து பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கு விலகி நிற்கும். அப்போலோ கொண்டுவந்த நிலாக் கற்களில் அந்த விலகல் ஏறக்குறைய இல்லை. 2014இல் ஒரு ஜெர்மன் குழு 12 பங்கு என்றது, அடுத்து வந்த அளவீடு அதையும் காணவில்லை.

இதில் என்ன சிக்கல் என்றால், 2001இல் கேனப், ஆஸ்ஃபாக் இருவரும் கணினியில் ஓட்டிப் பார்த்த மோதலில், வெளியே பறந்த பொருளில் பெரும்பகுதி மோத வந்த கோளுடையது. அது வேறு இடத்தில் பிறந்த கோள் என்றால் கைரேகையும் வேறாக இருக்க வேண்டுமே? ஒன்று, வந்த கோளும் பூமி மாதிரியே இருந்திருக்க வேண்டும். இல்லை, இரண்டும் நன்றாகக் கலந்திருக்க வேண்டும். எது என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால் யாருடைய பொருள் பறந்தது என்று சொல்லும் எந்தச் சொல்லும் வேண்டாம். 'இடிபாடு' என்றால் இடிபட்டதுடையது என்றாகிவிடும்.

'மோதல்' எனக்கும் சம்மதம். தாக்கம் என்றால் அடித்தவர் ஒருவர், அடிபட்டவர் ஒருவர். 2012இல் கேனப் போட்ட கணக்கில் இரண்டும் ஏறத்தாழச் சம எடை. அங்கே அடித்தது யார்?

செல்லப்பா | புதன், காலை 6.40

அரவிந்தன் தம்பி, அழகு. ஒரு சில்லறைச் சந்தேகம். மோத வந்த கோளுக்கு 'தியா' என்று எழுதுகிறார்கள். கிரேக்கக் கதையில் நிலாத் தெய்வத்தின் தாய். 'தேயா' என்று எழுதினால் தேய்வில்லாதவள் என்று பொருள் வந்துவிடும். மாதாமாதம் தேய்கிற பிள்ளைக்குத் தேயாத அம்மா. சரி, விளையாட்டு போதும், 'தியா'வே இருக்கட்டும்.

'இடிபாடு' போனால் என்ன இருக்கிறது? 'சிதைவு' என்றால் கதிரியக்கச் சிதைவு. மோதலின் வயதைக் கணிப்பதே அந்தச் சிதைவை வைத்துத்தான், இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பம். 'சிதறல்' என்றால் ஒளிச்சிதறல். நல்ல சொல்லையெல்லாம் இயற்பியல்காரர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள்.

பழனி | புதன், காலை 11.15

தம்பிமார்களுக்கு வணக்கம். நான் துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன், வானம் தெரியாது. பெரிய கோள் ரெண்டு மோதினால் சூட்டில் உருகத்தானே செய்யும்? உருகினால் அது இடிபாடு இல்லை.

வெல்டிங் பண்ணும்போது ரெண்டு விஷயம் நடக்கும். உருகிய இரும்பு அடியில் நிற்கும், கசடு மேலே மிதக்கும். ஆறினதும் சுத்தியலால் தட்டி எடுப்போம். இன்னொன்று, பொறி தெறிக்கும். குளிர்ந்த பின்னால் பார்த்தால் குட்டிக் குட்டி உருண்டையாக ஒட்டியிருக்கும். நிலா கசடா, தெறிப்பா? இரும்பு இல்லாமல் இருந்தால் கசடு என்று வைத்துக்கொள்ளலாம்.

அரவிந்தன் | புதன், பகல் 1.30

பழனி அண்ணே, வானம் தெரியாது என்று சொல்லிவிட்டு மையத்தில் கை வைத்துவிட்டீர்கள். நிலாவில் இரும்பு உண்மையிலேயே குறைவு. பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய அதன் இரும்பு உள்ளகம். நிலாவின் உள்ளகம் அதன் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தேறும். பூமி சராசரியாகத் தண்ணீரைவிட 5.5 மடங்கு கனம், நிலா 3.3 மடங்கு. நம் காலுக்கடியில் ஆழத்தில் இருக்கும் பாறையை, அழுத்தத்தை நீக்கிவிட்டு நிறுத்தால் வருகிற கனம் அது.

ஆனால் 'கசடு' சொல்லாக வேண்டாம். உங்கள் கசடு வெல்டிங் குச்சியின் பூச்சிலிருந்து வருகிறது, தட்டி எறிகிற பொருள். இங்கே மேலே இருந்தது கோளின் பெரும்பகுதி. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. மோதலுக்கு முன்பே இரண்டு கோளிலும் இரும்பு உள்ளே இறங்கிவிட்டது. மோதியபோது தியாவின் இரும்பு பூமியின் இரும்போடு போய்ச் சேர்ந்தது, வெளியே பறந்தது மேல்பாறை. அதுவும் பல ஆயிரம் பாகை சூட்டில், பாதி குழம்பு, பாதி ஆவி.

'தெறிப்பு' என்றீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. யாருடையது என்று சொல்லவில்லை. வெளியே பறந்தது என்று மட்டும் சொல்கிறது. 'தெறிப்பு வட்டு'?

நிர்மலா | புதன், பிற்பகல் 3.05

நேற்றுக் காலையில் உளறிய நானேதான். அம்மா யாழ்ப்பாணத்தில் படித்தவர். அவருடைய பாடப்புத்தகத்தில் தெறிப்பு என்றால் கண்ணாடியில் ஒளி திரும்புவது. இந்தியப் புத்தகத்தில் பிரதிபலிப்பு, எதிரொளிப்பு என்பது அங்கே 'ஒளித்தெறிப்பு'. நிலா வேறு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிற பொருள். 'தெறிப்பு வட்டு' என்று எழுதினால் எங்கள் வீட்டுக் கிழவிகள் பளபளக்கும் தட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

செல்லப்பா | புதன், மாலை 5.22

நிர்மலா சொல்வது நியாயம். இலங்கை வழக்கைத் தள்ளிவிட்டுச் சிங்கப்பூரில் சொல் ஆக்க முடியாது. அப்படியானால் 'தெறி' என்ற வினையை மட்டும் வைத்துக்கொண்டு வினைத்தொகையாக்கலாம்: தெறிபிழம்பு. தெறித்த பிழம்பு, தெறிக்கிற பிழம்பு, முக்காலமும் அடங்கும். பாறைப்பிழம்பு என்றால் குழம்பு, தீப்பிழம்பு என்றால் ஏறக்குறைய ஆவி. அரவிந்தன் சொன்ன பாதிக்குப் பாதி உள்ளே வந்துவிடுகிறது. 'தெறிபிழம்பு வட்டு'.

ஷாகுல் | புதன், இரவு 8.10

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் 'பிளம்பு' என்று படித்து, பிளம்பர் வந்தாரா என்று கேட்கப் போகிறார்கள், அவ்வளவுதான்.

அரவிந்தன் | புதன், இரவு 11.40

ழகரம் அவர்கள் பாடு. தெறிபிழம்புக்கு என் ஓட்டு.

'வட்டு'தான் எனக்கு உறுத்துகிறது. வழக்கமான கதையில் வட்டு தேவை. பூமியின் மையத்திலிருந்து சுமார் 18,500 கிலோமீட்டருக்கு உள்ளே இருப்பதைப் பூமியின் இழுப்பு சேரவிடாது. அந்த எல்லையைத் தாண்டிப் பரவிய பகுதிதான் திரள முடியும். ஆனால் 2022இல் டர்ஹம் குழு இன்னும் நுணுக்கமாக ஓட்டிய சில மோதல்களில், வட்டு பரவித் திரள்வதற்குக் காத்திருக்காமல், சில மணி நேரத்திலேயே நிலா அளவு உருண்டை ஒன்று எல்லைக்கு வெளியே போய் நின்றுவிடுகிறது. அது சரியென்றால் வட்டு என்ற சொல்லே கதையின் ஒரு வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. சொல்தொகுப்பில் 'தெறிபிழம்பு' தனிச் சொல்லாக இருக்கட்டும். வட்டு வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

செல்லப்பா | வியாழன், காலை 6.15

பெயர் வைத்த பிறகு பிள்ளையின் உருவத்தில் சந்தேகம் என்கிறீர்கள். எனக்கு வட்டு வேண்டும். பார்வையாளர் கண்ணில் ஒரு வடிவம் நிற்க வேண்டுமே. இதை அடுத்த மாதம் சண்டை போடலாம்.

கயல்விழி | வியாழன், காலை 7.50

அச்சகம் பத்து மணிக்குக் கேட்கிறது. பலகையில் இப்படிப் போடுகிறேன்:

> நிலா எப்படி வந்தது? பெருமோதல் கருதுகோள்.
> சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் தியா என்ற கோள் இளம் பூமியோடு சாய்வாக மோதியது. உருகியும் ஆவியாகியும் வெளியே பறந்த தியாவின் மேல்பாறை, பூமியைச் சுற்றித் தெறிபிழம்பாகப் பரவியது. அது திரண்டு நிலா ஆனது. இரும்பு பெரும்பாலும் பூமியிலேயே தங்கிவிட்டது. நிலா கனம் குறைந்திருப்பது அதனால்தான்.

அரவிந்தன் | வியாழன், காலை 8.02

'தியாவின் மேல்பாறை' என்பதில் 'தியாவின்' வேண்டாம், எடுத்துவிடு. மீதி அப்படியே போகட்டும்.

பழனி | வியாழன், காலை 8.30

கசடு போய்விட்டது, பரவாயில்லை. மழை பெய்தால் தொலைநோக்கி உண்டா இல்லையா?